பேரு மாறினா நான் இல்ல

மாரிசெல்விக்கு எல்லாத்தையும் அவசரத்தில் செய்துதான் பழக்கம். அன்றைக்கும் கார் சீட் தைக்கிற கம்பெனி வாசலில், காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, இன்ஸ்டாகிராமில் தன் பக்கத்தின் பேரை மாற்றினாள்.

மாற்றச் சொன்னது சூப்பர்வைசர் டில்லிபாபு. "இன்னாமா மாரி, உன் ஐடில நம்ம கம்பெனி பேரு கீதே! கம்பெனியே ஆள் எடுக்குதுன்னு ஜனங்க நெனைக்குதுங்களாம். எச்ஆர் காலைலயே கத்தினு கீறாரு. மாத்திடு" என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரகடத்தில் எந்த கேட்டில் இன்டர்வியூ, எந்த லேடீஸ் ஹாஸ்டலில் கட்டில் காலி என்று தினமும் போடுகிற பக்கம் அது. பதினெட்டாயிரம் பேர் பார்க்கிறார்கள், பாதிப் பேர் தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள்.

பழைய பேரை அழித்து 'ஒரகடம் மாரி' என்று அடித்தாள். ஃபாலோயர்ஸ் ஒருத்தரும் குறையவில்லை. பேர் மாறிய சேதியைப் போஸ்டாகப் போட எழுத்தைத் தட்ட ஆரம்பித்தாள். அதற்குள் செக்யூரிட்டி விசில் அடித்தார். போனோடு உள்ளே போகக் கூடாது. சரி, ஷிஃப்ட் முடிந்து போட்டுக்கலாம் என்று போனை லாக்கரில் வைத்துப் பூட்டினாள்.

இங்கேதான் கோட்டை விட்டாள்.

ஏனென்றால் பக்கத்தின் உச்சியில் அவளே 'பின்' செய்து வைத்த வீடியோ ஒன்று இருக்கிறது. வேலை வாங்கித் தருகிறேன் என்று காசை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டுகிற கும்பல் பெருகிப்போனதால் போட்டது. "ஏட்டி, என் பேரு ஒருநாளும் மாறாது. மாறுச்சுன்னா எவனோ ஐடியத் திருடிட்டான்னு அர்த்தம். நம்பாத, பிளாக் பண்ணு, நாலு பேருக்குச் சொல்லு!" அப்படியொரு அதட்டல். சொன்னது சொன்னபடி கேட்டார்கள், புண்ணியவதிகள்.

மதியம் இரண்டரை மணிக்கு கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். பக்கம் ஹேக் ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் ஸ்டோரி. அதை ஆரம்பித்து வைத்தவள் பூமாரி. ஆலங்குளத்துக்காரி, முகம் பார்த்ததில்லை. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு இன்று வரச் சொன்னதே மாரிதான். மூன்றரைக்குப் பெயர் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

பூமாரியின் மெசேஜ்கள் வரிசையாகக் கிடந்தன. 'ஒரகடம் வந்துட்டேன்க்கா.' 'பேரு மாறிருக்கே?' 'நீங்க யாரு?' எட்டு மணி நேரம் பதில் இல்லை. அதற்குப் பிறகு பிளாக்.

"நீதான்னு இப்ப ஒரு வீடியோ போடு மைனி" என்றாள் பக்கத்து சீட்டு பேச்சி, மாரியின் அறைத்தோழி.

"போட்டா? திருடுனவன் என் மூஞ்சிய வச்சுச் செஞ்சதுன்னு சொல்லுவாளுவ. அதையும் நாந்தான் சொல்லிக்குடுத்தேன். பூமாரி பிளாக் வேற பண்ணிட்டா, அவளுக்குத் தெரியவும் செய்யாது. பேச்சி, நீ உன் ஐடில இருந்து அவகிட்டச் சொல்லுடி. இப்பமே சொல்லு!"

பேச்சி எழுதினாள்: 'நான் கீழப்பாவூர் பேச்சி. மாரி என் ரூம்மேட்டு. பேரை அவளேதான் மாத்துனா. என் நம்பர் இது, கூப்பிடு.'

பூமாரி உடனே கூப்பிடவில்லை. பேச்சியின் பக்கத்தில் மூன்று வருஷத்துப் படங்களைப் பார்த்து, ஊரில் தெரிந்த ஒருத்தியிடம் விசாரித்து, அப்புறம்தான் கூப்பிட்டாள். கெட்டிக்காரப் பெண். ஆனால் அதற்குள் மூன்றரை தாண்டிவிட்டது. அவள் நின்ற இடத்துக்குப் போய் அவளையும் ஏற்றிக்கொண்டு, மூவருமாக ஆட்டோவில் போய் இறங்கியபோது கேட்டில் மேசையைக்கூட எடுத்துவிட்டார்கள்.

"நீங்கதானக்கா நம்பாதன்னு சொன்னீங்க" என்றாள் பூமாரி. கண் நிறைந்துவிட்டது. "இன்டர்வியூவும் பொய்யின்னு நெனச்சு, காலைல இருந்து இதே ரோட்டுலதான் நின்னேன்."

மாரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "தப்பு என்மேலதாம்மா" என்றாள்.

அங்கேயே நின்று போஸ்ட் போட்டாள். பழைய பேர் இது, புதுப் பேர் இது, கம்பெனி பேர் இருந்ததால் மாற்றினேன், பக்கம் அதேதான் என்று எழுதினாள். பழைய வீடியோவை எடுத்துவிட்டு இதைப் பின் செய்தாள். கடைசியில் இதையும் சேர்த்தாள்: 'முன்கூட்டியே சொல்லாம மாத்துனது என் தப்பு. அதால இன்னைக்கு ஒரு பொண்ணுக்கு இன்டர்வியூ போச்சு. என்னைய நம்ப வேண்டாம். இங்க வேலை பார்க்கிற, உங்களுக்குத் தெரிஞ்ச ஆள்கிட்ட கேட்டுட்டு நம்புங்க.'

கமெண்டுகள் கொட்டின. 'கதை விடாத.' 'ரிப்போர்ட் அடிச்சாச்சு.' 'மாரி அக்கா ஐடியத் திருப்பிக் குடு.' மாரி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நின்றாள். பக்கத்தில் பூமாரி தலை குனிந்து போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

பிளாக்கை எடுத்திருந்தாள் போல. புதிதாக ஒரு கமெண்ட் விழுந்தது.

'இன்டர்வியூவ விட்ட பொண்ணு நான்தான். பக்கத்துல நிக்கேன். இது மாரி அக்காதான்.'