முடிந்தவை

கஞ்சிக்கோட்டில் இரும்பு வார்ப்புகளைத் தேய்த்து மெருகேற்றும் ஒரு கம்பெனி. அங்கே லைன் லீடராக இருந்த யோகப்பிரியா, வியாழக்கிழமைதோறும் மேனேஜர் ரியாஸுடன் அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசுவாள். பேசியதை அன்றைக்கே எழுதி அவருக்கு அனுப்புவதும் அவள் வேலைதான். முடிவாகாதவை மேலே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் யார் செய்வது, என்றைக்குள் என்று குறித்திருப்பாள். முடிந்தவை கீழே. அடுத்த வாரம் ரியாஸ் அந்தக் குறிப்பைத் திறந்து மேல் வரியிலிருந்து பேச்சைத் தொடங்குவார். கீழே அவர் பார்வை போகாது.

எலப்புள்ளியிலிருந்து வரும் ஆறுமுகசாமிக்கு ஒன்பது வருஷமாகக் கிரைண்டிங் வேலை. வலது காதில் ஓயாமல் ஒரு ரீங்காரம் என்றார். காதைச் சோதிக்க வேண்டும், சத்தமில்லாத பேக்கிங்குக்கு மாற்ற வேண்டும். யோகப்பிரியா அதை மேலே எழுதினாள். மாற்று ஆள் கிடைக்கவில்லை என்பதால் மூன்று வாரம் அது மேலேயே இருந்தது.

மூன்றாம் வாரம் ரியாஸ் சிரித்தார். "வாராவாரம் இதே பாட்டாங்க? பாக்கறேன்னு சொன்னேனில்ல."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் எழுத உட்கார்ந்தபோது அந்தச் சிரிப்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டது. தொணதொணக்கிறோமோ, வேலை தெரியாதவள் என்று நினைப்பாரோ என்று தோன்றியது. வரியை வெட்டிக் கீழே ஒட்டினாள்: 'ஆறுமுகசாமி விஷயம் பேசப்பட்டது. சார் பார்ப்பார்.' பெயர் இருந்தது, நாள் இல்லை.

அடுத்த ஏழு வியாழக்கிழமைகளிலும் பேச்சு மேல் வரியிலிருந்தே தொடங்கியது. ஆறுமுகசாமி இரண்டு முறை கேட்டார். சொல்லியிருக்கிறேன் என்றாள் அவள். அது பொய்யும் இல்லை.

வருஷாந்திர மருத்துவ முகாமில் தெரிந்துவிட்டது. வலது காது பெரும்பாலும் போய்விட்டது, இனித் திரும்பாது என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

ரியாஸ் பழைய குறிப்பைத் தேடி எடுத்தார். குரல் உயரவில்லை. "நான் மறந்துட்டேன், அது என் தப்பு. ஆனா நீங்க இதை முடிஞ்சதுல போட்டிருக்கீங்களே?"

அவள் புதுக் குறிப்பைத் திறந்தாள்.

அன்றைய குறிப்பின் முதல் வரி: 'ஆறுமுகசாமியைப் பேக்கிங்குக்கு மாற்றுவது. ரியாஸ். திங்கட்கிழமை.' இரண்டாவது: 'நடந்ததை அவரிடம் சொல்வது. யோகப்பிரியா.' நாள் எழுதுமிடத்தில் விரல் நின்றது. வெகுநேரம் கழித்து, 'இன்று' என்று அடித்தாள்.

ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார் ஆறுமுகசாமி. அவருக்கு வலது பக்கம் போய் நின்று, தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வார்த்தைக்கு வார்த்தை, மறைக்காமல்.

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் அவள் நிற்பதைக் கவனித்துத் திரும்பினார்.

"ஏனுங்க அம்மணி, எதாச்சும் சொன்னீங்களா? இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க."