அவர் கனம்

மற்றவர்களின் வலியை 'நான்' என்று சொல்வதுதான் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் அவள் வேலை. நோயாளி தமிழில் "எனக்குத் தலை சுத்துது" என்றால், டாக்டரிடம் ஆங்கிலத்தில் 'எனக்குத் தலை சுற்றுகிறது' என்பாள். 'இவங்களுக்குச் சுத்துதாம்' என்று சொல்லக் கூடாது. தானாக ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் மட்டும் தன்னை 'மொழிபெயர்ப்பாளர்' என்று வேறு யாரையோ போலக் குறிப்பிடுவாள். "இன்னைக்கு உனக்கு எத்தனை வியாதி?" என்று அவள் கணவன் கேலி செய்வதுண்டு. அவளும் சிரிப்பாள். வேலையை மருத்துவமனையிலேயே கழற்றி வைத்துவிட்டு வரத் தெரிந்தவள் என்று தன்னைப் பற்றி ஒரு நினைப்பு அவளுக்கு இருந்தது.

அன்று அறைக்கு வெளியே ஒருவன் அவளை மறித்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். வேலைச் சீருடையோடு வந்திருந்தான். நோயாளியின் மகன். இதற்கு முன் இரண்டு தடவையும் அம்மாவுக்காக அவனே ஆங்கிலத்தில் பேசியிருக்கிறான். அப்பா இறந்த துக்கம், தூக்கமில்லை என்று சொல்லி, தூக்க மாத்திரை வாங்கிப் போயிருக்கிறான். மாத்திரை எடுபடவில்லை. இந்த முறை டாக்டரே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

"மேடம், அம்மா உள்ள ஒண்ணு சொல்லுவாங்க. அதை மட்டும் விட்டுருங்க. இங்க இருக்கறவங்க பைத்தியம்னு எழுதிடுவாங்க."

"விட முடியாது தம்பி. அவங்க சொல்றது எல்லாத்தையும் சொல்லணும். நீங்க உள்ள வந்து பேசினா அதையும் சொல்லுவேன்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு பின்னாலேயே வந்தான்.

அம்மாள் சின்ன உருவம். நாற்காலியில் ஒட்டாமல், விளிம்பில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் இளம்பெண். கணினியிலிருந்து முகத்தைத் திருப்பி நேராக அம்மாளைப் பார்த்து, என்ன செய்கிறது என்று கேட்டார்.

"ராத்திரி அவர் வர்றாரு" என்றார் அம்மாள். "என் வீட்டுக்காரர். செத்துப் போயிட்டாரில்ல, அவர்தான். நான் படுத்துக் கண்ணசந்ததும் வந்து நெஞ்சு மேல உக்கார்றாரு."

மகன் தரையைப் பார்த்தான். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்: 'இரவில் என் கணவர் வருகிறார். இறந்துபோன என் கணவர். நான் படுத்துத் தூங்கிய பிறகு என் மார்பின் மேல் உட்காருகிறார்.' எத்தனையோ பேருக்காக எதையெதையோ சொன்ன வாய்தான். ஆனால் இந்த வாக்கியம் வெளியே வரும்போது, சொன்னது தானல்ல என்று அவளுக்கே ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"அவரைப் பார்க்கிறீர்களா? அவர் பேசுகிறாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"பாக்கறதில்ல. பேசறதுமில்ல. கனம் தெரியும். கூட வாழ்ந்தவளுக்கு அவர் கனம் தெரியாதா? நெஞ்சு அடைச்சு, தூக்கிவாரிப்போட்டு எழுந்துருவேன். ஜன்னலைத் திறந்து நின்னுட்டிருந்தா கொஞ்ச நேரத்துல எறங்கிப் போயிருவாரு."

நெஞ்சு அடைக்கிறது. இந்த இடத்தில் அவள் நின்றாள். தமிழில் அந்த ஒரு சொல்லுக்குள் வலியும் இருக்கலாம், சளியும் இருக்கலாம், அழுகையும் இருக்கலாம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று வழி. தவறான வழியில் டாக்டரை அனுப்பிவிட்டால் திரும்பக் கூட்டி வருவது கஷ்டம். "மொழிபெயர்ப்பாளர் நோயாளியிடம் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள அனுமதி வேண்டும்" என்றாள். டாக்டர் தலையசைத்தார்.

"அம்மா, அடைக்குதுன்னா எப்படி? வலிக்குதா, இறுக்கிப் பிடிக்குதா, மூச்சு முட்டுதா?"

"வலியெல்லாம் இல்ல கண்ணு. காத்து உள்ள போகாது. தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு மூச்சு விடற மாதிரி."

அதையும் அப்படியே சொன்னாள். டாக்டர் சாய்ந்திருந்த நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். "படுக்கும்போது எத்தனை தலையணை வைத்துக்கொள்வீர்கள்?"

அம்மாளுக்கு முதன்முறையாக முகம் மாறியது. திருட்டைக் கண்டுபிடித்துவிட்டார்களே என்பது போல.

"ஒண்ணுமே வைக்கறதில்ல. மூணு வெச்சுப் பாத்தேன். உயரமாப் படுத்தா அவர் வர்றதில்ல. பாவம், எங்க போவாரு? அதான் எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டேன்."

"அம்மா!" என்றான் மகன்.

அவள் அந்த 'அம்மா'வையும் சேர்த்தே ஆங்கிலத்தில் சொன்னாள்.

டாக்டர் எழுந்து வந்து அம்மாளின் கணுக்காலில் கட்டை விரலை அழுத்தி எடுத்தார். மாவில் பதிந்தது போலக் குழி அப்படியே நின்றது. கழுத்து நரம்பைப் பார்த்தார். முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு உட்கார்ந்து மெதுவாக விளக்கினார். இதயம் முழு பலத்தோடு இரத்தத்தைத் தள்ளவில்லை. அதனால் உடம்பில் நீர் தங்குகிறது. மட்டமாகப் படுக்கும்போது அந்த நீர் நுரையீரலுக்கு ஏறுகிறது. இன்றைக்கே வார்டில் சேர வேண்டும். இப்போது அவள் டாக்டரின் 'நான்' ஆகி, எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள்.

அம்மாள் கேட்டுவிட்டு, "அப்ப வந்தது அவர் இல்லையா?" என்றார்.

டாக்டர் சற்று யோசித்தார். "அது எனக்குத் தெரியாது. கனம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குத் தெரியும்."

வார்டில் நீர் இறங்கியது. ஸ்கேனில் இதயத்தின் பலவீனம் உறுதியானது. நீர் மாத்திரையும் வேறு சில மாத்திரைகளும் கொடுத்து, தினமும் எடை பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த முறை வந்தபோது அம்மாள் மாடிப்படி ஏறி வந்தார், மகன் பூரித்துப்போயிருந்தான். ராத்திரி நல்ல தூக்கமா என்று டாக்டர் கேட்டதற்கு, "தூங்கறேன், தனியா" என்றார் அம்மாள். அவள் அந்தத் 'தனியா'வை விடாமல் சொன்னாள். டாக்டரும் கணினியில் ஏதோ தட்டினார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த ராத்திரிகளில் அவளே விழித்துக்கொள்ளத் தொடங்கினாள். பக்கத்தில் கணவன் உயிரோடு குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். தன் நெஞ்சின் மேல் கையை வைத்துப் பார்ப்பாள். ஒன்றுமிருக்காது. ஆனாலும் 'என் கணவர் வருகிறார்' என்ற ஆங்கில வாக்கியம் அவள் குரலிலேயே காதில் ஓடும். தமிழில் கேட்டபோது அது அம்மாளுடையது. ஆங்கிலத்தில் அதை முதலில் சொன்னவள் அவள்தானே?

அதற்கடுத்த முறை, காத்திருக்கும் கூடத்தில் அவள் வழக்கம்போலத் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். மகன் வண்டியை நிறுத்தப் போயிருந்தான். அம்மாள் மெல்ல எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. பாதம் செருப்புக்கு மேல் பிதுங்கியிருந்தது.

"வந்துட்டாரு" என்றார் ரகசியமாக. கல்யாணப் பெண் போன்ற சிரிப்பு. "நீர் மாத்திரையை நிறுத்தினேன். வந்துட்டாரு."

அவள் அம்மாளின் பக்கம் திரும்பினாள். "அம்மா, எங்கிட்ட சொன்னா டாக்டர்கிட்ட சொன்ன மாதிரி. இதை நான் மறைக்க முடியாது."

"நீ சொல்லமாட்டே" என்றார் அம்மாள், பிடிவாதமாக.

உள்ளே போனதும், மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். "சாப்பிடறேன்" என்றார் அம்மாள். 'சாப்பிடுகிறேன்' என்று அவள் மொழிபெயர்த்தாள். மொழிபெயர்த்த கையோடு, "வெளியே நோயாளி மொழிபெயர்ப்பாளரிடம் வேறு ஒன்று சொன்னார். அதை அவரே சொல்வது நல்லது" என்று டாக்டரிடம் சொல்லி, தான் சொன்னதைத் தமிழிலும் சொன்னாள். "நீங்களே சொல்லுங்கம்மா. நான் வாய் மட்டும்தான்."

அம்மாள் மகனைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் பேசாமல் ஜன்னலிடம் பேசினார்.

"நிறுத்திட்டேன். அவருக்குக் கடைசியில இப்படித்தான் இருந்திருக்கும். நெஞ்சு மேல கல்லு வெச்ச மாதிரி. ஆனா அவருக்கு அப்படிச் சொல்லத் தெரியல. 'வாயு பிடிச்சிருக்கு'ன்னாரு. வாயுன்னுதான் இங்க சொன்னோம். வாயுவுக்கு மருந்து குடுத்தாங்க. அந்த வாரமே போயிட்டாரு. அவர் பட்டது என்னன்னு யாருமே கேக்கல. நானாவது கூட இருந்து கேக்கறேன்."

ஒவ்வொரு வாக்கியமாக அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். 'வாயு' என்ற இடத்தில் மீண்டும் நின்றாள். கேஸ் என்று ஒரே சொல்லில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அப்படிப் போட்டால் அம்மாள் என்ன சொல்கிறார் என்பதே டாக்டருக்குப் புரியாது.

"மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் தர வேண்டும். இந்தச் சொல்லுக்கு வயிற்றில் சேரும் காற்று என்று அர்த்தம். ஆனால் நெஞ்சில் வரும் அழுத்தம், பிடிப்பு, இடம் மாறி ஓடும் வலி, இவற்றையும் தமிழில் பலர் இதே சொல்லால் சொல்வதுண்டு."

சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. மகன் சுவரில் சாய்ந்து கையால் வாயைப் பொத்தியிருந்தான். அன்று அப்பாவோடு வந்தது அவன். அந்தச் சொல்லை டாக்டரிடம் கேஸ் என்று சொன்னதும் அவன். அவனுக்குத் தமிழும் தெரியும், ஆங்கிலமும் தெரியும். அவளுடைய விளக்கத்தை யாரும் அவனுக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

"அவன் மேல தப்பில்ல" என்றார் அம்மாள் அவசரமாக. "அவர் சொன்னதைத்தானே அவன் சொன்னான். இவன் காதுல விழக் கூடாதுன்னுதான் இத்தனை நாளா நான் வாயையே திறக்கல."

அதையும் அவள் சொல்ல வேண்டியிருந்தது. குரல் நடுங்காமல் சொன்னாள். அதற்காகப் பிற்பாடு தன்னை அவளால் மன்னிக்க முடியவில்லை.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அம்மாள் மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "போட்டுக்கறேன்" என்றார். இந்த முறை அது பொய்யில்லை என்று மூவருக்குமே தெரிந்தது.

சில மாதங்கள் கழித்து மறுபடியும் அதே அறை. அம்மாளின் கால் வற்றியிருந்தது, எடை சரியாக இருந்தது. "இப்ப எப்படி?" என்று டாக்டர் கேட்டதற்கு, "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். இவனைக் கேளுங்க" என்றார்.

டாக்டர் மகன் பக்கம் திரும்பினார். நன்றாக இருப்பதாக அவன் ஆங்கிலத்தில் சொன்னான்.

"பொய்" என்றார் அம்மாள்.

அவள் 'பொய்' என்று மொழிபெயர்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை, காத்திருந்தார். அவன் இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே மை பூசியது போல் இருந்தது. ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு அவளைப் பார்த்துத் தமிழில் சொன்னான்.

"எனக்கு அந்த பாஷையில வரமாட்டேங்குது மேடம். நீங்க சொல்லுங்க. அப்பா வர்றாரு. உக்கார்றதில்ல. கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'ஒண்ணுமில்லடா, வாயுதான், டாக்டர்கிட்ட சொல்லு'ங்கறாரு. நான் சொல்லச் சொல்ல, மறுபடி மறுபடி சொல்லச் சொல்றாரு."

எந்த இடத்தில் நிறுத்தி எதைக் கேட்டுத் தெளிவுபடுத்துவது என்று அவள் தேடினாள். கேட்க ஒன்றுமில்லை. எல்லாச் சொற்களும் தெளிவாகவே இருந்தன.

டாக்டரை நேராகப் பார்த்து, 'என் அப்பா வருகிறார்' என்று அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.