இரண்டால் வகுத்த எப்சிலான்

கல்லூரியில் அவருக்கு 'சுத்தம் சார்' என்று பெயர். குளிப்பதில் அல்ல, கணக்கில். "கணக்குன்னா சுத்தமா இருக்கணும்" என்று ஒரு மணி நேர வகுப்பில் ஏழு தடவையாவது சொல்வார். பின்வரிசைப் பையன்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெயர் தமக்கு இருப்பது அவருக்குத் தெரியும். வெளியே சலித்துக்கொள்வார், உள்ளுக்குள் கொஞ்சம் பூரிப்பார்.

மாலைநேரப் பட்ட வகுப்புக்குக் கணிதப் பகுப்பாய்வுப் பாடம் நடத்துவது அவர்தான். இந்த வருடத் தேர்வுத்தாளைத் தயாரித்தவரும் அவரே, திருத்தியவரும் அவரே. நாற்பத்தோரு விடைத்தாள்களையும் இரண்டே நாளில் முடித்துவிட்டு, துறையில் எல்லார் காதிலும் விழும்படி அதைச் சொல்லியும் ஆயிற்று. முடிவு வந்து பதினோராம் நாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு, அவர் அறைக் கதவை ஒரு பெண் தட்டினாள்.

வகுப்பில் அவளைப் பார்சல் அக்கா என்பார்கள். முப்பத்து நான்கு வயது. பகலில் கூரியர் அலுவலகத்தில் பார்சல்களைப் பிரித்து அடுக்கும் வேலை, மாலையில் படிப்பு. இந்த ஒரு தாள் தேறிவிட்டால் பட்டம் கைக்கு வந்துவிடும். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை வேறு பேசி வைத்திருந்தார்கள். தேறியதற்கான சான்றை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். நாற்பது வாங்கினால் தேர்ச்சி. அவள் வாங்கியது முப்பத்தாறு.

"வாங்கம்மா, உட்காருங்க. மறுகூட்டலா?" என்றார் சுத்தம் சார். இப்படி வருகிறவர்களுக்கென்று ஒரு குரல் வைத்திருந்தார், ஆறுதலும் கண்டிப்பும் சரிபாதி.

"இல்ல சார். மார்க்குக்காக வரல. ஏழாவது கேள்வியில சைபர் போட்டிருந்தீங்க. என் தப்பு என்னன்னு புரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

விடைத்தாளின் நகலை நீட்டினாள். ஏழாவது கேள்வி, ஆறு மதிப்பெண்: 'x-இன் வர்க்கம் என்ற சார்பு, மெய்யெண் கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் தொடர்ச்சியானது என நிறுவுக.' அவள் a என்ற புள்ளியை முதலில் எடுத்துக்கொண்டு, விடையில் எவ்வளவு விலகல் பொறுக்கலாம் என்ற எப்சிலானைக் கேட்டு வாங்கி, அதற்குப் பிறகு x எவ்வளவு நெருங்கி இருந்தால் போதும் என்ற டெல்டாவைச் சொல்லியிருந்தாள்: a-இன் அளவை இரட்டித்து ஒன்று கூட்டி அதால் எப்சிலானை வகுத்தது, அல்லது ஒன்று, இரண்டில் எது சிறியதோ அது. அதன் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில் அவருடைய அழகான கையெழுத்து: 'டெல்டா a-யைப் பொறுத்து மாறக் கூடாது. அடிப்படைப் பிழை.'

"அதான் எழுதியிருக்கேனேம்மா" என்றார். "டெல்டா எல்லாப் புள்ளிக்கும் பொதுவா இருக்கணும். மத்தவங்க எல்லாரும் எப்சிலான் பை ரெண்டுன்னு சுத்தமா எழுதியிருக்காங்க பாருங்க."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் அந்தப் பொது டெல்டாவைத் தேடினேன் சார். வேலை முடிஞ்சு வந்து தினமும் தேடினேன். பதினோரு நாளா கிடைக்கல." கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். "கடைசியில அப்படி ஒண்ணு இருக்கவே முடியாதுன்னு வந்து நிக்குது. இதுலயும் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன், எங்கன்னு தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே வாசித்தார். ஐந்து வரிதான். எப்சிலான் ஒன்று என்று வை. யார் எந்த டெல்டா கொடுத்தாலும் சரி, a-யை டெல்டாவின் தலைகீழாக எடு. அதோடு பாதி டெல்டாவைக் கூட்டி x-ஐ வை. இரண்டுக்கும் உள்ள தூரம் டெல்டாவுக்குள் அடங்கிவிடுகிறது. வர்க்கங்களின் வித்தியாசமோ ஒன்றும், அதன் மேல் டெல்டா வர்க்கத்தில் காலும். ஒன்றைத் தாண்டிவிட்டது.

மூன்றாவது வரியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் விடாமல், ஓரத்தில் ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்தார். எப்சிலான் ஒன்று, அவருடைய 'சுத்தமான' டெல்டா அரை. ஆயிரத்தையும் ஆயிரத்தே காலையும் எடுத்தார். வர்க்கங்களின் வித்தியாசம் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். ஐநூறுக்கு மேல் வந்தது. ஒன்றுக்கும் ஐநூறுக்கும் உள்ள வித்தியாசத்தை அதற்குமேல் எந்தப் பேனாவாலும் பூசி மெழுக முடியாது.

மனசாட்சியுள்ள மனிதர் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருப்பார். சுத்தம் சார் பேனாவின் மூடியை மறுபடியும் போட்டுக்கொண்டு, "இதை நிதானமாப் பாக்கணும். நாளைக்கு வாங்க" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவருக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. போன வருடம் இதே கேள்வி வேறு மாதிரி இருந்தது: பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் மட்டும், சீரான தொடர்ச்சி. அங்கே எப்சிலான் பை இரண்டு எல்லாப் புள்ளிக்கும் போதும். இந்த வருடம் புதுமை செய்வோம் என்று கேள்வியை முழுக் கோட்டுக்கும் மாற்றி, 'சீரான' என்ற சொல்லையும் எடுத்துவிட்டார். விடைக்குறிப்பை மாற்றவில்லை. நேரம் மிச்சம் என்று அதைப் பெருமையாகக்கூட நினைத்தார். முழுக் கோட்டுக்கு அந்தக் குறிப்பு செல்லவே செல்லாது. நாற்பது பேர் அவர் நோட்ஸில் மனப்பாடம் செய்த பொய்யைத் திருப்பி எழுத, அவர் அதற்கு ஆறுக்கு ஆறு போட்டுக்கொண்டே போயிருக்கிறார். யோசித்து எழுதிய ஒரே ஆளுக்குச் சைபர்.

வீட்டில் காபி ஆறிக்கொண்டிருந்தது. மனைவி மருந்துக் கடையில் மருந்தாளுநர், அன்று சீக்கிரம் வந்துவிட்டாள்.

"என்ன, முகத்துல ஈயாடல?" என்றாள்.

சொன்னார். அவளுக்குக் கணக்கு தூரம். அதனால் வார்த்தைகளில் சொல்ல வேண்டியிருந்தது. "தொடர்ச்சின்னா, புள்ளியைச் சொல்லு, எப்சிலானைச் சொல்லு, ஒரு டெல்டா தர்றேன்னு அர்த்தம். சீரான தொடர்ச்சின்னா, எப்சிலானை மட்டும் சொல்லு, ஒரு டெல்டா தர்றேன், அப்புறம் நீ எந்தப் புள்ளிக்குப் போனாலும் அதுவே போதும்னு அர்த்தம். அதே வார்த்தைங்கதான். புள்ளி முன்னாடி வருதா, டெல்டாவுக்குப் பின்னாடி வருதா, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் மனைவி. "ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அளவு மருந்து இருக்குன்னா, ஆளை நிறுத்துப் பாத்துட்டுக் கொடுப்பேன். ஒரே அளவு மருந்து இருக்கு, எந்த நோயாளி வந்தாலும் அதேன்னா, ஆளைப் பாக்காமலே கொடுப்பேன். ரெண்டாவது மாதிரி நான் ஒருநாள் கடை நடத்தினா அடுத்த நாள் கடை இருக்காது."

"அதேதான்."

"அந்தப் பொண்ணு ஆளைப் பாத்து அளவு சொல்லியிருக்கா. ஊருக்கே ஒரே டோஸ் எழுதினவங்களுக்கு நீங்க முழு மார்க் போட்டிருக்கீங்க."

"சரி, விடு."

"அது சரி, நாளைக்கு வான்னு எதுக்குச் சொன்னீங்க?"

இருபது வருடமாக வரிசை முக்கியம், வரிசை முக்கியம் என்று தொண்டை கிழியக் கத்திய மனிதர் ஆறிய காபியைக் குடித்தார்.

மறுநாள் காலை துறைக் கூட்டம். விடைக்குறிப்பில் யாராவது தவறு செய்தால் அதைப் 'பிழைப் பதிவேட்டில்' தாமே எழுதி, கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்று ஒரு விதி. மூன்று வருடத்துக்கு முன் அந்த விதியைக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்க வேண்டாம். புள்ளியியல் பிரிவு நண்பர் ஒருவரின் மூக்கை அறுப்பதற்காகக் கொண்டுவந்தது. பதிவேட்டில் இதுவரை அந்த நண்பரின் பெயர் மட்டும் தனியாக இருந்தது. அன்று துணை கிடைத்தது.

அவர் வாசித்து முடித்ததும் நண்பர் குனிந்து மேசையைப் பார்த்தார், தோள் மட்டும் குலுங்கியது. துறைத்தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பொண்ணுக்கு ஆறு மார்க்கும் போடுங்க, நாற்பத்திரண்டு. மத்த நாற்பது பேரை என்ன பண்றது? வெளியிட்ட மார்க்கைக் குறைக்க விதியில்லை."

"அவங்க தப்பில்லைம்மா. நான் கத்துக்கொடுத்ததைத்தான் எழுதினாங்க" என்றார் அவர். அன்று அவர் சொன்னதிலேயே சுத்தமான வாக்கியம் அதுதான்.

பார்சல் அக்கா மாலையில் வந்தாள். திருத்திய மதிப்பெண் தாளை எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தார். "தப்பு உங்களுது இல்லம்மா, என்னுது. நீங்க எழுதின ரெண்டும் சரி. பரீட்சையில எழுதினதும் சரி, நேத்துக் கொண்டுவந்ததும் சரி. நேத்தே தெரியும். சொல்லத் தைரியம் வரல. மன்னிச்சுக்குங்க."

அவள் தாளைப் பார்த்தாள். முகம் மலரவில்லை.

"ஸ்கூல்ல வேண்டாம்னு சொல்லிட்டேன் சார். போன வாரமே. அடிப்படையே தெரியாத ஆளு பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறதுன்னு நானே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்."

'அடிப்படைப் பிழை' என்று எழுத அவருக்கு மூன்று விநாடி ஆகியிருக்கும்.

பள்ளியின் எண்ணை வாங்கி அவரே பேசினார். தலைமையாசிரியை எடுத்தார். இவர் யார், என்ன செய்தார், அவள் என்ன செய்தாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

"தன் தப்பு எங்கன்னு கேட்டு உங்ககிட்டயே வந்தாங்களா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"ஆமாம்மா."

"இன்னும் யாரையும் எடுக்கல. திங்கட்கிழமை வரச் சொல்லுங்க." பிறகு, ஃபோனை வைக்கப்போகிறவர் மாதிரி இல்லாமல், "சார், வேற யாராவது இதே மாதிரி எழுதியிருந்தாங்களா?" என்றார்.

"இல்லம்மா. மத்த எல்லாருக்கும் முழு மார்க்" என்று சொல்லி வைத்துவிட்டார். சேதியைக் கேட்டதும் பார்சல் அக்கா முதல் தடவையாகச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிறது என்று ஓடினாள். அவருக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கிற்று. தன்னைப் பற்றி மறுபடியும் கொஞ்சம் நல்லவிதமாக நினைக்கத் தொடங்கினார். அவருக்கு அதற்கு அதிகம் தேவைப்படாது.

ஆனால் தலைமையாசிரியையின் கேள்வி போகவில்லை. எழுந்து, பத்திர அறைக்குப் போய், விடைத்தாள் கட்டை வாங்கி, ஏழாவது கேள்வியை மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். எப்சிலான் பை இரண்டு. எப்சிலான் பை இரண்டு. முப்பத்திரண்டாவது தாளில் கை நின்றது.

யாரோ ஒருவர், வெறும் பதிவெண்தான் இருந்தது, a-யை முதலில் எடுத்து, எப்சிலானை வாங்கி, சரியான டெல்டாவைக் கடைசி வரி வரைக்கும் எழுதியிருந்தார். பிறகு ஸ்கேல் வைத்து அத்தனை வரியையும் அடித்துவிட்டு, கீழே எப்சிலான் பை இரண்டு என்று எழுதியிருந்தார். அடித்த வரிகளுக்கு ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குறிப்பு: 'சார் இப்படிச் சொல்லித்தரவில்லை.' அதற்கும் கீழே சிவப்பு மையில் ஆறுக்கு ஆறு, பக்கத்தில் அவருடைய அழகான கையெழுத்தில் 'மிக நன்று'.

இந்த ஆள் அவர் அறைக் கதவைத் தட்டப்போவதே இல்லை. முழு மதிப்பெண் வாங்கியவர் எதற்குத் தட்டுவார்?