காம்போதிக்கு முன்னால் இருந்த எதுகுல

நங்கநல்லூர் வீட்டு ஹாலில் சுருதிப்பெட்டியை நிறுத்தாமலே கனகவல்லி நாத்தனார் பத்மாசினி முன்னால் போய் நின்றாள். கையில் போன்.

"இது யார் எழுதின பதில்?"

வீடியோவில் கனகவல்லி பாடிக் கற்றுக்கொடுத்தது எதுகுலகாம்போதி ராகத்து ஸ்வரஜதி. அதைச் சேனலில் போட்டவள் பத்மாசினி. தலைப்பில் 'காம்போதி, ரூபக தாளம், தொடக்க நிலை' என்றிருந்தது. கனகவல்லி பாடினதோ ஸரிமபத. காம்போதியென்றால் ஏறும்போது காந்தாரம் வர வேண்டும். எதுகுலத்தில் வராது. வீடியோவுக்குக் கீழே ஒருவர், 'காந்தாரத்தை டீச்சர் முழுங்கிட்டாங்களா?' என்று கேட்டிருந்தார். சேனல் பெயரில் பதில்: 'மன்னிக்கவும், டீச்சர் பாடும்போது தவறிவிட்டார்.'

"நான்தான்," என்றாள் பத்மாசினி, கண்ணைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்காமல். "எதுகுல சேர்த்தா முகப்புப் படத்துல கொள்ளலை மன்னி. காம்போதின்னா நாலு பேர் தேடுவா."

"நீ பேரை வெட்டிட்டு, நான் தவறிட்டேன்னு எழுதுவியா?"

"தப்பு என்னோடதுன்னு எழுதினா சேனல் மானம் போகாதா?"

"என் மானம் உன் சேனலுக்கு ஊறுகாயா?"

"பாட்டுல கர்வம் மட்டும் குறையலை உங்களுக்கு."

போனில் பாட்டுக் கற்கும் ஒரு சிறுமியின் அம்மா, கோயம்புத்தூர் ரோகிணி, அன்று காலை ராகம் தெரியாத டீச்சரிடம் அனுப்ப மாட்டேன் என்று மகளை வகுப்பிலிருந்து நிறுத்தியிருந்தாள். அவளோடு அவள் தோழிகளின் பிள்ளைகளும் போகும். மிச்சம் ஒரு குழந்தைகூட இராது. கனகவல்லி ரோகிணியின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, போனைப் பத்மாசினி மடியில் வைத்தாள்.

"நீயே சொல்லு."

"ஹலோ, யாருங்க?" என்றது போன்.

பத்மாசினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மன்னி நகர்வதாக இல்லை.

"நான் பத்மாசினி. அந்தத் தலைப்பு… நான் வச்சது. மன்னி பாடினது சரிதான். எதுகுலகாம்போதி."

"அப்ப தொடக்க நிலைன்னு போட்டதும் நீங்கதானுங்களா?"

"ஆமா."

"நல்லா இருக்குங்க. சரளி வரிசைகூட முடிக்காத புள்ளை, அதை நம்பிப் பாடப் போயி, வராம ஒரு வாரமா அழுதுட்டு கெடக்குது. மொதல்ல அதையும் திருத்துங்க. பார்த்துட்டு அனுப்பறதா வேண்டாமான்னு சொல்றேன்."

ரோகிணி போனை வைத்துவிட்டாள். கனகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. தலைப்பில் அந்தத் 'தொடக்க நிலை'யை அவளும் பார்த்திருந்தாள்; ராகத்தைப் பற்றிக் கேட்டவள் அதைக் கேட்கவில்லை.

"எழுது," என்றாள். "எதுகுலகாம்போதி, ரூபக தாளம், இடைநிலை. சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் முடிச்சவாளுக்கு. அந்தப் பதிலை அழி. தலைப்பு எங்கள் பிழைன்னு போடு."

"எங்களா?"

"நிலையைப் பார்த்துட்டு வாயை மூடிண்டிருந்தேனே. போடு."

பத்மாசினி கீபோர்டைக் குத்தினாள். "போன்ல தலைப்பு பாதி வெட்டிண்டுதான் தெரியும்."

"தெரியட்டும். முன்பாதியில எதுகுல தெரிஞ்சா போதும்."