நடுங்காத ஊசி

பிரஷர் மீட்டரின் ஊசியைக் கேமரா வழியாகப் படிக்கும் புரோகிராமை எழுதியவள் நான்தான். என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்டு அலுத்துப்போய்விட்டது. அந்த மீட்டர் இருந்த இடத்தில் வேலை பார்த்தவர் என் கூடப்பிறந்த அண்ணன். மீட்டர் மாட்டியிருந்தது துணிக்குச் சாயம் ஏற்றும் பெரிய மூடிய தொட்டியில்; ஆலையில் அதை வெசல் என்போம். பத்து நாளைக்கு முன்னால் அதன் மூடியில் நீராவி கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் வளையம் பிய்த்துக்கொண்டு, நீராவி மொத்தமும் அண்ணன் மேல் அடித்தது. கழுத்து, நெஞ்சு, இரண்டு கைகள் எல்லாம் வெந்துபோயின.

வியாழக்கிழமை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அறிக்கை கொடுக்க வேண்டும். தொழிலாளியின் கவனக்குறைவு என்று அவர் எழுதிவிட்டால் ஆலை சிகிச்சையைக் கைகழுவிவிடும். நீராவி வேலைக்கான அண்ணனின் லைசென்ஸும் போய்விடும். இருபத்திரண்டு வருஷமாக நீராவியோடு மாரடித்த மனுஷனுக்கு வேறு என்ன வேலை தெரியும்?

அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலையில் கம்ப்யூட்டர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, விபத்து நடந்த அன்றைய வீடியோவை முதலிலிருந்து எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வேலை என்னவோ சுலபமானதுதான். மீட்டரின் முகத்தில் பூஜ்யத்திலிருந்து பத்து கிலோ வரை கோடு; பிரஷரை நாங்கள் கிலோவில்தான் சொல்வோம். ஊசி சுற்றும் தூரம் இருநூற்றெழுபது டிகிரி. ஆக, ஒரு கிலோவுக்கு இருபத்தேழு டிகிரி. கேமரா கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பதால் வட்டம் முட்டையாகத் தெரியும். அதை முதலில் நிமிர்த்த வேண்டும். பிறகு நடுப்புள்ளியிலிருந்து ஊசியின் நீளமான பக்கம் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கோணத்தை அளக்க வேண்டும். வால்பக்கத்தை முனை என்று நினைத்துவிட்டால் தொலைந்தோம். வினாடிக்கு ஐந்து படம். எண்பத்தொரு டிகிரி என்றால் மூன்று கிலோ, வெசலுக்குச் சரியான அளவு.

நீராவிக் குழாய் எப்போதும் அதிர்ந்துகொண்டிருப்பதால் ஊசி ஒரு இடத்தில் நிற்காது. அரை டிகிரி, ஒரு டிகிரி நடுங்கிக்கொண்டே இருக்கும். புரோகிராம் போட்ட புதிதில் திரையில் எண் ஓயாமல் துள்ளியது. “கேமரா அக்கா, இதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது, கொஞ்சம் அடங்கச் சொல்லுங்க” என்றார் மேனேஜர். நானும் பெரிய மேதாவி மாதிரி, ஐந்து வினாடிப் படங்களை வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணை மட்டும் காட்டும்படி மாற்றினேன். எண் அடங்கியது. மேனேஜர் காபி வாங்கிக் கொடுத்தார்.

இப்போது துள்ளலை அடக்கிய அந்த வடிகட்டியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு படத்தின் கோணத்தையும் அப்படியே வரைந்து பார்த்தேன். பதினோரு மணி மூன்று நிமிஷம் வரைக்கும் கோடு நடுங்கிக்கொண்டே வருகிறது. அதற்கப்புறம் நடுக்கம் இல்லை. எண்பத்தொன்று புள்ளி நான்கு, எண்பத்தொன்று புள்ளி நான்கு, எண்பத்தொன்று புள்ளி ஐந்து. அந்தப் பத்தில் ஒரு டிகிரி கேமரா படத்தில் வரும் தடுமாற்றம், ஊசியுடையது அல்ல. ஊசி சிக்கிக்கொண்டுவிட்டது! உள்ளே பிரஷர் ஏறிக்கொண்டிருக்க, அது மூன்றில் செத்துக்கிடந்தது. முப்பத்தொன்பது நிமிஷம்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கேஸ்கெட் போனது. அந்த அதிர்ச்சியில் ஊசி விடுபட்டு நூற்றுமுப்பத்தொன்பது டிகிரிக்குத் தாவியிருக்கிறது. ஐந்து கிலோவுக்கும் மேலே. சேஃப்டி வால்வு ஆறில்தான் திறக்கும். பழைய கேஸ்கெட் அதுவரை தாங்கவில்லை. அந்தத் தாவல் இரண்டே இரண்டு படத்தில் இருந்தது, பிறகு எல்லாம் வெள்ளைப் புகை. இருபத்தைந்து படத்தில் இரண்டு வித்தியாசமாக இருந்தால் என் வடிகட்டி அதைக் குப்பை என்று தள்ளிவிடும். ஊசி தெரியாவிட்டால் கடைசி எண்ணையே காட்டும். அண்ணன் தரையில் கிடந்து அலறிக்கொண்டிருந்தபோதும் என் திரையில் மூன்று கிலோ என்று நின்றிருக்கிறது. பாவி, பாவி என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பதினொன்று முப்பத்தொன்றில் இன்னொன்றும் இருந்தது. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை வருகிறது. முகம் தெரியவில்லை, ஆனால் அண்ணன் கை எனக்குத் தெரியாதா? நடுவிரலை மடக்கிக் கண்ணாடிக்கு அருகே கொண்டுவருகிறார். ஒரு வினாடி அப்படியே நிற்கிறது. தட்டவில்லை. கை இறங்கிப் போய்விடுகிறது.

மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டுவது நீராவிக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். சிக்கின ஊசி அதிலேயே விட்டுவிடும். அண்ணனும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால், வடிகட்டி போடுவதற்கும் முன்பு, நான்தான் போய்க் கத்தினேன்: “அண்ணா, சும்மா சும்மா தட்டாதே. உன் விரலை ஊசின்னு நெனச்சு ஒம்பது கிலோன்னு அலாரம் அடிக்குது. கேமராவும் அதே குழாய்லதான் மாட்டியிருக்கு, ஆடிப்போயிடுது. எனக்கு வேலை வைக்காதே.” அண்ணன் சிரித்துக்கொண்டே, “சரிம்மா, கைய கட்டிக்கிட்டு நிக்கிறேன், போதுமா?” என்றார்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கைப் படத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். ஊசி சிக்கியதை ஒத்துக்கொண்டார்.

“சரிம்மா. கை மேலே வருது, கீழே போகுது. ஏன் போச்சுன்னு படத்துல இல்லையே.”

“நான்தான் சார் தட்டக்கூடாதுன்னு சொன்னேன். தப்பு என்மேல.”

“எழுத்துல இருக்கா?”

“வாயாலதான் சொன்னேன்.”

“யாராவது கேட்டாங்களா?”

அன்று நான் கத்தியபோது மேனேஜர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். காலையில் அவரைக் கேட்டபோது, “எனக்கு ஞாபகமே இல்லைம்மா” என்று கையை விரித்துவிட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பினார். ஆஸ்பத்திரியில் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதிய வாக்குமூலம். கீழே கையெழுத்துக்குப் பதில் கால் கட்டைவிரல் ரேகை. ‘மீட்டர் மூன்று காட்டியது. தட்டிப் பார்க்க மறந்துவிட்டேன். என்னை யாரும் தடுக்கவில்லை.’

“பொய் சார் இது! என்னைக் காப்பாத்த சொல்லியிருக்காரு.”

“இருக்கலாம். ஆனா நீங்க தங்கச்சி. அண்ணனைக் காப்பாத்த நீங்க சொல்றீங்கன்னு ஆலை வக்கீல் ஒரே வரியில முடிச்சிடுவார். உங்க புரோகிராம்ல தப்பு இல்லைம்மா. ஊசி எங்கே நின்னுச்சோ அங்கேதான் படிச்சிருக்கு.”

என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு கேவலமாகப் பாராட்டியதில்லை. வீடியோவை அறிக்கையின் இணைப்பில் சேர்ப்பதாகச் சொன்னார். வியாழக்கிழமை அறிக்கை வந்தது: மீட்டர் பழுது; வழக்கமான சோதனையைத் தொழிலாளி செய்யத் தவறினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணி அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். அண்ணனின் கைகள் இரண்டும் கட்டுக்குள் தலையணைமேல் கிடந்தன.

“ஏண்ணா அப்படிச் சொன்னே?” என்று அழுதேன்.

“ரெண்டு பேர் சோறும் ஏன் போகணும்? விடு.”

“கையக் கொண்டுபோனியே, ஒரு தட்டு தட்டியிருக்கக்கூடாதா? நான் சொன்னா என்ன, அலாரம் அடிச்சா அடிச்சிட்டுப் போகுதுன்னு தட்டியிருக்கலாமே!”

அண்ணன் கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

“ஊசி சும்மா நிக்குதேன்னு எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சும்மா. அப்புறம் கேமராவைப் பார்த்தேன். அந்தப் பக்கம் நீ உட்கார்ந்து பார்த்துக்கிட்டுத்தானே இருப்பே, ஏதாவதுன்னா என்னைக் கூப்பிடுவேன்னு நெனச்சேன்.”

அந்தப் பக்கம் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.