தலைக்கவசத்தில் ஒரு துளை

அருங்காட்சியகத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் பழைய போர்த் தலைக்கவசம் ஒன்றைச் சுற்றி நின்றார்கள். பயிற்சித்தாளின் முதல் கேள்விக்கு, பின்பக்கம் ஒரு துளை இருப்பதாக எழுதினார்கள். இரண்டாவதற்கு, அதன் விளிம்பு உள்நோக்கி மடங்கியிருப்பதாக எழுதினார்கள். என்ன நடந்திருக்கும் என்பது மூன்றாவது கேள்வி.

"முதுகைக் காட்டி ஓடியிருக்கான், பயந்தாங்கொள்ளி," என்றாள் வகுப்புத் தலைவி.

பக்கத்தில் நின்றவளின் அப்பா போரில் பின்மண்டையில் குண்டு பட்டுச் செத்தவர். அவள் தலைவியின் முடியைப் பிடித்து, முகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் மோதினாள். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. மறுபடியும் மோதினாள். ஆசிரியை அவளை இழுத்துப் பிடித்தார்.

"எங்கப்பா ஓடலை டீச்சர். அடிபட்டவரைத் தூக்கக் குனிஞ்சாரு."

தலைவி வாயைப் பொத்தியபடி எழுதினாள்: 'பின்னாலிருந்து தாக்கப்பட்டிருக்கிறான். ஓடினானா குனிந்தானா என்று துளையை வைத்துச் சொல்ல முடியாது.' ரத்தம் பட்ட தாளைத் தன்னை அடித்தவளிடம் நீட்டினாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.