மூன்று மோதிரமும் ஒரு கோடாலியும்

முத்துத்தாய்க்கு ஆத்திரம் ஆறவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, இருவரும் ஜோடியாக ஆடும் செல்போன் விளையாட்டில் அரக்கனிடம் முதலில் செத்தது கோமதிநாயகம். முதலில் சாகிறவர் ஆட்டத்தை விட்டு வெளியே என்று விதி போட்டதும் அவன்தான். ஆனால் வெளியே போகச் சொன்னது அவளை! "நீ ஒழுங்கா அடிச்சிருந்தா நான் ஏன் சாகுதேன்?" என்றான். அத்தை மகன் என்றால் என்ன வேண்டுமானாலும் பேசலாமா?

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அவனுடைய செல்போன் ரிப்பேர் கடையில், இன்று அவளுக்குக் கடைசி வாய்ப்பு. தோற்றால் அவள் இடத்துக்கு அவன் கூட்டாளி மூக்காண்டி. அந்த ஆள் இப்போதே ஸ்டூலில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, வாளை எடு," என்றான் கோமதிநாயகம். "அட்டாக் நூத்திருவது. கோடாலி வெறும் நூறு."

"கீழ உள்ளதையும் வாசிங்க அத்தான். அரக்கனுக்கு டிஃபென்ஸ் நாப்பது. இந்த ஆட்டத்துல அதக் கழிச்சுட்டுத்தான் அடி விழும். வாளுக்கு எம்பது, கோடாலிக்கு அறுவது."

"அதத்தான நானும் சொல்லுதேன்!"

"முழுசாக் கேக்கவே மாட்டீங்களா? கூல்டவுன்னு போட்டுருக்கே, ஒரு அடி அடிச்சா அவ்வளவு செகண்டு கழிச்சுத்தான் மறு அடி. வாளுக்குப் பன்னெண்டு, கோடாலிக்கு எட்டு. வாள் ரெண்டு அடி போடுத நேரத்துல கோடாலி மூணு போடும். நூத்தறுவது பெருசா, நூத்தெம்பது பெருசா? போதாததுக்கு கிரிட்டிக்கல் கோடாலிக்கு முப்பது சதவீதம், வாளுக்கு அஞ்சுதான். கோடாலியால பத்து அடி அடிச்சா சுமாரா மூணு அடி ரெட்டிப்பா விழும்."

"நேத்து ஆட வந்துட்டு எனக்கே பாடம் எடுக்கியா? வாளை எடுட்டி!"

அவள் கோடாலியைத்தான் எடுத்தாள்.

சண்டை தொடங்கியது. அரக்கனின் மூன்றாவது அடியிலேயே கோமதிநாயகம் விழுந்தான். விழுந்ததும் கடையே அதிரக் கத்தினான். அவள் காதில் வாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பொத்தான் ஒளிரும் போதெல்லாம் அடித்தாள். அரக்கன் சாய்ந்தான்.

"ஏதோ அதிர்ஷ்டம்," என்றான் கோமதிநாயகம்.

அவ்வளவுதான். அவன் போனைப் பிடுங்கினாள்.

"கிரிட்டிக்கல் மோதிரம் மூணு போட்டுருக்கீங்க. ஒண்ணுக்கு நாப்பதுன்னா நூத்திருவது. நூறு சதவீதத்துக்கு மேல உள்ளது வீணுல்லா? அரக்கன் அட்டாக் தொண்ணூறு, உங்க டிஃபென்ஸ் முப்பது. அடிக்கு அறுவது போகுது, நூத்தெம்பது ரத்தம் மூணு அடியில காலி. ஒரு மோதிரத்தக் கழத்திட்டு முப்பது டிஃபென்ஸ் உள்ள காப்பைப் போட்டிருந்தா ஆறாவது அடி வரைக்கும் நின்னுருப்பீங்க. ரெண்டு வாரமும் நீங்க செத்தது என்னாலயா?"

மூக்காண்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கோமதிநாயகத்தின் முகம் சுண்டிப்போனது.

"சரி சரி, நீயே இங்கன ஆடு," என்றான்.

"நான் ஆடுவேன். இன்னிக்கும் முதல்ல செத்தது யாரு? உங்க விதிப்படி எந்திரிங்க அத்தான். மூக்காண்டி அண்ணாச்சி, நீங்க வாங்க!"